மூன்றாம் காலத்தில் நழுவும் தாளம்

இணையத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு முதல் வகுப்பிலேயே ஒன்று தெரிந்துவிடும். மாணவியோடு சேர்ந்து பாட முடியாது. நேரில் என்றால் பிள்ளை தடுமாறும் இடத்தில் ஆசிரியரின் குரல் கூடவே போய்த் தூக்கிவிடும். சென்னையிலிருந்து நியூ ஜெர்சியில் உள்ள குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அந்த வழி அடைபட்டுப் போகிறது.

காரணம் தூரம். இரண்டு ஊர்களுக்கும் இடையே 13,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். இத்துடன் கேபிள்களின் சுற்றுவழியும், ஒலியைச் சுருக்கி விரிக்கக் கணினிகள் எடுக்கும் நேரமும் சேர்ந்தால், குரல் போய் பதில் வந்து சேரக் கால் நொடி முதல் அரை நொடி வரை ஆகிவிடும். பேச்சில் இது உறைக்காது. தாளத்தில் உறைக்கும்.

மாயாமாளவகௌளையில் முதல் சரளி வரிசையை எடுத்துக்கொள்வோம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஓர் எண்ணிக்கை ஒரு நொடி என்று வைத்தால் முதல் காலத்தில் நொடிக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. ஆசிரியை தாளம் போட, குழந்தை அதைக் கேட்டுப் பாடுகிறாள் என்றால், முதல் காலத்தில் லேசான பின்னடைவுதான் தெரியும். மூன்றாம் காலத்தில் ஒரு ஸ்வரத்தின் ஆயுளே கால் நொடி. குழந்தை துளியும் பிசகாமல் பாடினாலும் ஆசிரியையின் காதுக்கு அவள் ஒரு ஸ்வரமோ இரண்டு ஸ்வரமோ பின்தங்கியே கேட்பாள். அவளுக்காக ஆசிரியை கையைக் கொஞ்சம் நிதானித்தால், அதைக் கேட்டு அவளும் நிதானிப்பாள். இப்படியே இழுபட்டு வரிசை முடிவதற்குள் காலம் குறைந்துவிடும்.

அனுபவப்பட்டவர்கள் தங்கள் கையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். "என் கையைப் பார்க்காதே கண்ணா. உன் தொடையில சத்தம் வர்ற மாதிரி தட்டிப் பாடு." குழந்தையின் குரலும் தட்டும் ஓசையும் ஒரே மைக்கில் ஏறி ஒரே தாமதத்தோடு வருவதால், இரண்டும் ஒட்டிப்போகின்றனவா என்று ஆசிரியை தீர்மானிக்கலாம். திரையில் தெரியும் கையை நம்பக்கூடாது. படம் சில சமயம் ஒலியை விட்டு விலகி ஓடும்.

அடுத்த சிக்கல் சுருதி. ஜூம் போன்ற செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மாறாமல் ஒலிக்கும் எதையும் மின்விசிறியின் இரைச்சலாக எண்ணி வடிகட்டிவிடும். தம்பூரா அப்படித்தான் ஒலிக்கிறது! தொடையில் தட்டும் ஓசைக்கும் பல நேரம் இதே கதி. குழந்தையின் அறையில் தம்பூரா ஒலித்துக்கொண்டிருக்கும், ஆசிரியைக்கோ வெறும் குரல் மட்டும் வரும். நீட்டிப் பிடித்த ஷட்ஜம் நடுவில் தேய்ந்து மறைந்தால் வடிகட்டி வேலை செய்கிறது என்று பொருள். குழந்தைக்கு மூச்சு போதவில்லை என்று நினைத்துத் திருத்தக் கிளம்புவது அநியாயம்.

ஜூமில் இதற்கு Original Sound for Musicians என்ற அமைப்பு உண்டு. குழந்தையின் பக்கத்தில் அதை இயக்க வேண்டும்; வகுப்பு தொடங்கும்போது அது இயங்குகிறதா என்று பெற்றோர் பார்த்துவிடுவது நல்லது. எதிரொலியை அடக்கும் வசதியையும் அணைத்துவிட்டால் இயர்போன் அவசியம். ஒரு காதில் மட்டும் மாட்டி, மறு காதை வேறொரு போனில் ஓடும் தம்பூராவுக்கு விட்டுவிடலாம். தம்பூரா குழந்தையின் பக்கம்தான் இருக்க வேண்டும், அதுவும் அவளுடைய கட்டையில். ஒரு கட்டையில் பாடும் ஆண் ஆசிரியரிடம் ஐந்து கட்டைச் சிறுமி கற்றுக்கொள்கிறாள் என்றால், அவர் பாடிக் காட்டும்போது சுருதியை மாற்றிப் பாட வேண்டியிருக்கும்.

இத்தனை செய்தும் கமகத்தில் குறை தங்கிவிடுகிறது. தோடியின் காந்தாரத்தில் இருக்கும் அசைவு, இணைப்பு மெலிந்த நொடியில் மழுங்கிப் போகும். குழந்தை அந்த மழுங்கலையே பாடமாக்கிக்கொள்ளும். அதனால் வகுப்பு முடிந்ததும் ஆசிரியை அந்த வரியைத் தன் போனிலேயே பதிவுசெய்து அனுப்புவதும், வார நடுவில் குழந்தை தன் பதிவைத் திருப்பி அனுப்புவதும் அவசியமாகிறது. போனில் நேரடியாகப் பதிவாகும் ஒலியில் இணைப்பின் கோளாறு ஏறாது. உண்மையில், ஆசிரியை அந்தக் குரலைச் சரியாகக் கேட்பது வகுப்பில் அல்ல, இந்தப் பதிவில்தான்.

திரை வழியே மட்டும் படித்த பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் தெரியும்: தனியாக நன்றாகப் பாடுவார்கள், இன்னொருவர் சேர்ந்தால் நின்று கேட்பார்கள். வரிக்கு வரி மாற்றி மாற்றிப் பாடியே வளர்ந்த காதுகள் அவை. அதனால் கோடை விடுமுறைக்கோ மார்கழி சீசனுக்கோ சென்னைக்கு வரும் குடும்பத்திடம், புதிய உருப்படி எதையும் கேட்காதீர்கள் என்று சொல்லிவிடும் ஆசிரியர்கள் உண்டு. நேரில் கிடைக்கும் அந்தச் சில வாரங்களில் அவர்கள் தெரிந்த வர்ணத்தையே எடுத்து, வேறு இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லோரையும் ஒரே தாளத்தில் இரண்டு காலத்திலும் சேர்ந்து பாடவைக்கிறார்கள்.