மேசை யார் பெயரில் இருக்கிறது?

வாடிக்கையாளரோடு மதியச் சாப்பாடு என்று முடிவானதும் இடமும் நேரமும் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். ஆனால் உறுதிப்படுத்தும் செய்தி உண்மையில் உதவ வேண்டியது ஒரே ஒரு கட்டத்தில்தான். நீங்கள் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டிருக்க, விருந்தினர் உங்களுக்கு முன்பே உணவக வாசலுக்கு வந்துவிடும்போது. அங்கே நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி, "யார் பேர்ல புக்கிங் சார்?" என்பது. விருந்தினர் உங்கள் பெயரைச் சொல்வார். மேசையோ அலுவலகத்தில் போன் செய்து பதிவுசெய்த உதவியாளர் பெயரில் இருக்கும். அல்லது கம்பெனி பெயரில். "அப்படி ஒரு பேர் இல்லையே சார்" என்ற பதிலோடு அவர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

தமிழ்ப் பெயர்களில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அலுவலகத்தில் எல்லோரும் 'ஆர்.கே. சார்' என்பார்கள். வாடிக்கையாளருக்கு அவர் கிருஷ்ணன். உணவகத்தில் போனை எடுத்தவர் முதலில் காதில் விழுந்த 'ராமசாமி'யை, அதாவது அப்பா பெயரை, எழுதியிருப்பார். ஆகவே பதிவுசெய்யும்போதே விருந்தினர் உங்களை எந்தப் பெயரால் அறிவாரோ அதையே கொடுங்கள். கூடவே கைப்பேசி எண்ணும் இருக்கட்டும். பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் எண்ணை வைத்துத் தேடி எடுத்துவிடலாம்.

ஒரு உதாரணம். கோவையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் செவ்வாய்க்கிழமை சென்னை வருகிறார். காலை வந்தே பாரத்தில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கவே நண்பகல் ஆகிவிடும். பன்னிரண்டரைக்குத் தி. நகரில் சந்திப்பது என்றால் ரயில் பத்து நிமிடம் தாமதித்தாலும் அவர் பதற்றத்தோடுதான் வந்து சேர்வார். 1 மணிக்கு நுங்கம்பாக்கம் என்றால் நிதானமாக வரலாம். நாள் குறிக்கும்போது இன்னொன்றையும் பார்ப்பது நல்லது. புதனன்று 12 முதல் 1.30 வரையும் வியாழனன்று 1.30 முதல் 3 வரையும் ராகுகாலம். ஒப்பந்தம் பேசப் போகும் விருந்தினர் அதைப் பார்ப்பவராக இருந்தால் வாய்விட்டுச் சொல்லமாட்டார், பேச்சை மட்டும் தள்ளிப்போடுவார்.

முந்தைய நாள் முதலில் பேச வேண்டியது உணவகத்திடம். மதியம் ஒன்றிலிருந்து இரண்டரைக்குள் அழைத்தால் கூட்டத்தின் நடுவே யாரோ ஒருவர் "இருக்கு சார், வாங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். நாலு மணிக்கு மேல் அழையுங்கள். "சரியா இருக்கா?" என்று கேட்காமல், "என்ன பேர், எத்தனை மணி, எத்தனை பேர்னு படிச்சுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். 'அரை' காதில் விழாமல் பன்னிரண்டரை பன்னிரண்டாகியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். தாமதமானால் எவ்வளவு நேரம் மேசையை வைத்திருப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் கால் மணி நேரம்தான். செயலி வழியே பதிவுசெய்திருந்தால், வந்திருப்பது கோரிக்கை பெற்றதற்கான தகவலா, உறுதியான பதிவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதன் பிறகே வாடிக்கையாளருக்கு எழுத வேண்டும். உணவகத்தின் பெயர் மட்டும் போதாது. சரவண பவன் என்றால் எந்தக் கிளை? தாஜ் கோரமண்டல் என்றால் உள்ளே சதர்ன் ஸ்பைஸா, கோல்டன் டிராகனா? அந்த ஓட்டல் இருக்கும் சாலைக்கு மகாத்மா காந்தி சாலை என்று பெயர். ஆட்டோக்காரரிடம் நுங்கம்பாக்கம் ஹை ரோடு என்றால்தான் சட்டென்று புரியும். ஊருக்குப் புதியவருக்கு மக்கள் வழங்கும் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். நாளை, ஜூன் 17 செவ்வாய், மதியம் 1 மணிக்குச் சந்திக்கிறோம். இடம்: தாஜ் கோரமண்டல், நுங்கம்பாக்கம் ஹை ரோடு, உள்ளே சதர்ன் ஸ்பைஸ் உணவகம். மேசை 'கிருஷ்ணன்' என்ற பெயரில், 4 பேருக்கு. நீங்கள் முன்னதாக வந்தால் இந்தப் பெயரைச் சொல்லி உட்காருங்கள். உங்களோடு எத்தனை பேர் வருகிறார்கள்? நாளை யாருக்காவது விரதமோ, சைவம் மட்டுமோ உண்டா?"

கடைசி இரண்டு கேள்விகளை வேண்டுமென்றே வைக்கிறேன். வெறும் தகவலுக்குக் கட்டைவிரல் குறி ஒன்றுதான் பதிலாக வரும், படித்தாரா என்பது தெரியாது. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் படித்தே ஆக வேண்டும். காலை பத்து மணி வரை பதில் இல்லையென்றால் ஒரு முறை போன் செய்துவிடுங்கள்.

நேரமோ இடமோ மாறினால் "1.30 ஆக மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒற்றை வரி அனுப்பாதீர்கள். அவர் ஓட்டுநருக்கு முன்னனுப்பியிருப்பது பழைய செய்தியைத்தான். முழுச் செய்தியையும் புதிதாக எழுதி, மேலே 'மாற்றப்பட்டது' என்று போட்டு அனுப்புங்கள். உணவகத்துக்கும் அதே நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.