காரணம் தெரியாத நேரத்தில் என்ன செய்தீர்கள்?

மென்பொருள் வேலைக்கான நேர்காணலில் பிஹேவியரல் ரவுண்ட் என்று ஒரு சுற்று உண்டு. அனுபவம் உள்ளவர்களிடம் அதில் அடிக்கடி கேட்கப்படுவது: "புரொடக்‌ஷனில் வந்த ஒரு கோளாறை எப்படிச் சமாளித்தீர்கள்?" மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைத்தான் புரொடக்‌ஷன் என்கிறார்கள். பலரும் கோளாறுக்கான காரணத்தை விளக்குவதிலேயே நேரத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள். கேட்பவருக்கோ, காரணம் தெரியாமல் இருந்த அந்த நிமிடங்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே முக்கியம்.

இதற்கு நல்ல பாடம் 2019 ஜூலை 2-ல் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் நடந்தது. இணையதளங்களைத் தாக்குதலிலிருந்து காக்கும் வடிகட்டியில் ஒரு புதிய விதியை, சர்வதேச நேரப்படி பகல் 1.42-க்கு, உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் இறக்கினார்கள். சில நிமிடங்களில் அலர்ட் வந்தது. சர்வர்களின் சிபியூ முழுவதையும் அந்த விதியே விழுங்க, எண்ணற்ற தளங்கள் 502 என்ற பிழையைக் காட்டின. புதுவகைத் தாக்குதலோ என்ற சந்தேகமும் முதலில் எழுந்தது. 2 மணிக்குத்தான் வடிகட்டியே காரணம் என்று பிடிபட்டது.

அப்போது அவர்கள் அந்த விதியைத் திருத்த உட்காரவில்லை. வடிகட்டியின் விதிகள் அத்தனையையும் 2.07-க்கு உலகளவில் அணைத்தார்கள், 2.09-க்கு நிலைமை சீரானது. அதற்குக் கொடுத்த விலை, மீண்டும் இயக்கும்வரை வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போனது. ஓர் ஊரில் மட்டும் சோதித்துவிட்டு 2.52-க்குத் திரும்ப இயக்கினார்கள். பாதிப்பை நிறுத்துவது முதல் வேலை, பழுது பார்ப்பது அடுத்தது. உங்கள் பதிலிலும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். பாதிப்பை நிறுத்த எதை விட்டுக்கொடுத்தீர்கள், வேறு என்ன வழி இருந்தது, ஏன் அதை எடுக்கவில்லை என்பதையும் சேருங்கள். முடிவெடுக்கும் திறன் அங்கேதான் தெரியும். குழுவாகச் செய்ததை 'நாங்கள்' என்றும், உங்கள் கையால் செய்ததை 'நான்' என்றும் சொல்லுங்கள்.

கோளாறு தெரியவந்த விதத்தையும் மறைக்காதீர்கள். அலர்ட் வருவதற்கு முன்பே வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்திருந்தால் அப்படியே சொல்லலாம். கண்காணிப்பில் எங்கே ஓட்டை இருந்தது என்பதை அதுவே காட்டிவிடும். கற்ற பாடமும் அங்கிருந்தே பிறக்கும்.

"இனிமேல் கவனமாக இருப்போம்" என்பதைப் பாடமாக யாரும் ஏற்பதில்லை. ஒரு விதி அளவுக்கு மீறி சிபியூவை எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும் காப்பு, சில வாரங்களுக்கு முன் நிரலைச் சீரமைத்தபோது தவறுதலாக நீக்கப்பட்டிருந்ததை கிளவுட்ஃபிளேர் கண்டறிந்து அதைத் திரும்பச் சேர்த்தது. விதிகளையும் மற்ற மென்பொருளைப் போலப் படிப்படியாக இறக்குவதென முடிவு செய்தது. தவறு செய்த ஒருவரைத் தேடாமல், அந்தத் தவறை உலகம் முழுவதும் பரவவிட்ட வழியை அடைத்தார்கள்.

நீங்களும் அப்படி ஒரு மாற்றத்தைச் சொன்னால், அடுத்த கேள்வி உடனே வரும்: "அது முடிந்துவிட்டதா, யார் முடித்தது?"