வாலு என்றொரு அணில் பேசினால்

டோனி என்ற கார்ட்டூன் புலி அமெரிக்காவில் 1952 முதல் கெல்லாக்ஸ் நிறுவனத்தின் காலை உணவை விற்றுவருகிறது. தர்ல் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற பாடகர் 50 ஆண்டுகளுக்கும் மேலாக, 2005இல் இறக்கும்வரை அதற்குக் குரல் கொடுத்தார். அந்தப் புலிக் குரல் புகழ் பெற்றது 'கிரேட்' என்ற ஒற்றைச் சொல்லால்தான். அதன் நடுவிலுள்ள 'ர்'ரை உருட்டி நீட்டுவார். பாராட்டுகிற சொல்லுக்குள்ளேயே புலி உறுமும். வேறு எந்த விலங்குக்கும் அந்தச் சொல் பொருந்தாது.

இதே வேலையைத் தமிழில், குழந்தைகளுக்கான ஒரு பிஸ்கட்டுக்குச் செய்தால் எப்படி இருக்கும்? ஒன்றை எழுதிப் பார்க்கலாம்.

முதலில் விலங்கு. சமையலறை, பிஸ்கட் என்றதும் எலிதான் நினைவுக்கு வரும். ஆனால் எலி வாய் வைத்த பிஸ்கட்டை எந்தத் தாயும் வாங்கமாட்டாள். அணில் நல்லது. இரண்டு கையாலும் பிடித்துக் கொறிக்கும். பெயரும் தயாராக இருக்கிறது: வாலு. குறும்புக்காரக் குழந்தையை வீட்டில் அப்படித்தானே கூப்பிடுகிறோம்.

அடுத்தது பஞ்ச் வசனம். 'மொறு மொறு ஜோரு' என்பது காகிதத்தில் அழகாக இருக்கிறது. உரக்கக் கத்திப் பாருங்கள். கடைசி 'உ'வில் உதடு குவிந்து சத்தம் அடங்கிவிடும். 'ஜோருடா' என்றால் வாய் திறக்கும், ஆனால் 'டா' பையன்களுக்கு மட்டும் ஆனதாகிவிடும். மரியாதை பார்க்கும் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். 'மொறு மொறு... ஹையா!' என்றால் 'ஆ'வில் முடிகிறது. வகுப்பே சேர்ந்து கத்தலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு 'று' வராது, 'மொலு மொலு' என்றுதான் சொல்லும். அதை மாற்ற வேண்டாம், வாலுவுக்கு ஒரு தம்பியைக் கொடுத்து அப்படியே பேசவைக்கலாம்.

இப்போது 20 விநாடி விளம்பரம்:

சிறுமி: அஞ்சு இருந்துச்சே, நாலுதான் இருக்கு! யார் எடுத்தது?
வாலு (வாய் நிறைய): ம்ஹூம்... நான் இல்ல.
சிறுமி: அப்ப மீசையில என்ன?
வாலு: அது வந்து... பவுடர்!
சிறுமி: பவுடர் மொறுமொறுன்னு சத்தம் போடுமா?
வாலு (மாட்டிக்கொண்டு, கடித்தபடி): மொறு மொறு... ஹையா!

வசனம் மொத்தம் இருபது சொற்களைச் சுற்றித்தான். வாலு விழிக்கவும் கடிக்கவும் இடம் வேண்டுமே. நான் பார்த்தவரை இத்தகைய விளம்பரங்கள் கெடுவது இங்கேதான். பால், கோதுமை, சத்து என்று நிறுவனம் சொல்ல விரும்புவதையெல்லாம் அணிலின் வாயில் திணிப்பார்கள். அப்புறம் அது விற்பனைப் பிரதிநிதியாகிவிடும். இந்தக் காட்சியில் அணில் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறது, ஜெயிப்பது சிறுமி. பார்க்கிற குழந்தைக்குச் சந்தோஷம் அதில்தான்.

குரல் கொடுப்பவர் பெரும்பாலும் பெரியவராகவே இருப்பார், பல நேரம் பெண். குழந்தையின் குரல் சில ஆண்டுகளில் உடைந்துவிடும். கதாபாத்திரத்தின் குரல் மாறக்கூடாது. அணில் என்றதும் கீச்சென்று உச்சத்துக்குப் போவது எல்லோரும் செய்கிற தவறு. அந்தச் சுருதியில் சிறுமியும் பேசுவதால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், யார் பேசுவது என்று ஒரு நொடி குழம்பினால் குரலை மாற்ற வேண்டும். வாலுவுக்குச் சற்றுக் கரகரப்பான, அவசரமான குரல் பொருந்தும். வாய் நிறையப் பேசுவதற்காக உண்மையிலேயே பிஸ்கட்டை மென்றால் தூள் தொண்டையில் ஒட்டி அடுத்த டேக் கெடும். கன்னத்தை நாக்கால் உப்பவைத்துப் பேசினால் போதும். கடிக்கும் சத்தத்தைத் தனியாகப் பதிவுசெய்து சேர்ப்பார்கள்.

எழுதுகிறவர் கையைச் சட்டமும் கொஞ்சம் கட்டுகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பொருளை வாங்கு என்றோ, வாங்கித் தரும்படி பெற்றோரைக் கேள் என்றோ விளம்பரம் குழந்தையிடம் நேரடியாகச் சொல்லக்கூடாது. சாப்பிட்டால் அறிவு வளரும் என்று ஆதாரமில்லாமல் சொல்வதற்கும் தடை. ஆகவே 'அம்மாகிட்ட கேளு, உடனே வாங்கு!' என்ற வரி வாலுவின் வாயில் வரக்கூடாது. 'அம்மா வர்றாங்க, ஒளிஞ்சுக்கோ!' என்று வரலாம். ஓடுகிற ஓட்டத்தில் வால் மட்டும் டப்பாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.