நெகட்டிவ் எட்ஜ் இருந்தா டைக்ஸ்ட்ரா தப்பா?

“நெகட்டிவ் எட்ஜ் இருந்தா டைக்ஸ்ட்ரா வேலை செய்யாது.” வைவாவுல இந்த ஒரு வரியைச் சொன்னா மார்க் கிடைச்சுடும். ஆனா அது பாதி உண்மைதான். நெகட்டிவ் எட்ஜ் இருந்தும் சில கிராஃப்ல விடை சரியாவே வரும். நம்ம கையில இருக்கிற கிராஃப் எந்த ரகம்னு தெரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி இருக்கு.

முதல்ல எங்க உடையுதுன்னு பார்ப்போம். S-லிருந்து கிளம்புறோம். எட்ஜ்கள் நாலு: S→A = 2, S→B = 5, B→A = -4, A→C = 1. டைக்ஸ்ட்ரா இருக்கிறதுலயே சின்ன தூரத்தை எடுத்து, அந்த நோடை இறுதின்னு மூடிடும். அதனால A, 2-ல மூடப்படும். அடுத்து C, 3-ல. கடைசியா 5-ல B வரும்போதுதான் B→A வழியா A-க்கு 1-லயே போகலாம்னு தெரியும். ஆனா A-வை ஏற்கெனவே மூடியாச்சு. A தப்பு, அதை நம்பின C-யும் தப்பு. “தள்ளி இருக்கிற நோடு வழியா சுத்திப் போனா தூரம் குறையாது”ங்கிற நம்பிக்கைலதான் மூடுறோம். அந்த நம்பிக்கையை -4 உடைச்சிடுச்சு.

இப்போ அந்த -4-ஐ S-லிருந்து கிளம்புற எட்ஜுக்கு மாத்துங்க: S→B = -4, B→A = 5. மத்த ரெண்டும் அப்படியே. S-ஐ மூடும்போதே B = -4, A = 2. அடுத்து B-யை மூடும்போது A, 1 ஆகும். பிறகு C = 2. எல்லாம் சரி. நெகட்டிவ் எட்ஜ் S-லிருந்து மட்டும் கிளம்பினா, அது முதல் அடியிலேயே கணக்குல வந்துடுது. அதுக்கப்புறம் தூரத்தைக் குறைக்க எதுவும் மிச்சமில்லை. நெகட்டிவ் சைக்கிள் மட்டும் இருக்கக் கூடாது.

பெரிய கிராஃப்ல இப்படிக் கண்ணால பார்த்துட்டு இருக்க முடியாது. டைக்ஸ்ட்ரா முடிஞ்சதும் எல்லா எட்ஜையும் ஒரு தடவை சுத்திப் பாருங்க:

```
for u, v, w in edges:
    if d[u] + w < d[v]:
        print("wrong", u, v)
```

முதல் கிராஃப்ல B→A-வுல மாட்டும்: 5 - 4 = 1, ஆனா d[A] = 2. ஒரு எட்ஜும் மாட்டலைன்னா விடை சரின்னு தைரியமா சொல்லலாம். ஏன்னா, எந்தப் பாதையை எடுத்தாலும் அதோட எட்ஜ்களை வரிசையாக் கூட்டினா, மொத்தம் d-யை விடக் குறையவே முடியாது. d-யும் நிஜமான ஒரு பாதையோட நீளம்தான். S-லிருந்து எட்டக்கூடிய நெகட்டிவ் சைக்கிள் இருந்தாலும் அதுல ஒரு எட்ஜாவது கட்டாயம் மாட்டும். பெல்மன்-ஃபோர்டோட கடைசிச் சுற்றும் இதே சோதனைதான்.

C++-ல எழுதுறவங்க ஒண்ணு கவனிங்க. எட்ட முடியாத நோடுக்கு INT_MAX வச்சிருந்தா, அதோட -4 கூட்டினதும் சும்மாவே “wrong”னு வரும். அந்த u-வை விட்டுட்டுப் போங்க.