பங்கின் விலையை யார் வைக்கிறார்கள்?

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நிலக்கடலையைக் கொண்டுபோய் வைத்தால், வியாபாரிகள் ஆளுக்கொரு விலை எழுதிப் போடுவார்கள். அதிக விலை போட்டவருக்குச் சரக்கு போகும். பங்குச் சந்தையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆனால், அங்கே விற்பவரும் தன் விலையை எழுதிப் போடுகிறார்.

மும்பையில் உள்ள தேசிய பங்குச் சந்தை, 1994-ல் பங்கு வியாபாரத்தைத் தொடங்கிய நாளிலிருந்தே இந்த வேலையைக் கம்ப்யூட்டர்தான் செய்கிறது. சந்தை தானாக எந்த விலையும் வைப்பதில்லை. ஒவ்வொரு பங்குக்கும் இரண்டு வரிசைகள் உண்டு. வாங்குவோர் வரிசையில் அதிக விலை தருபவர் முன்னால் நிற்பார். விற்போர் வரிசையில் குறைந்த விலை கேட்பவர் முன்னால் நிற்பார். இருவர் ஒரே விலை சொன்னால், முதலில் வந்தவருக்கு முன்னுரிமை. இரண்டு வரிசையிலும் முன்னால் நிற்பவர்களின் விலை பொருந்தியதும் வியாபாரம் முடிந்துவிடும். செல்போனில் தெரியும் விலை, அப்படிக் கடைசியாக முடிந்த வியாபாரத்தின் விலை. அடுத்து விற்பவருக்கும் அதே விலை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு விவசாயியிடம் 300 பங்குகள் இருக்கின்றன. செல்போனில் விலை 100 ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கிறார். 30,000 ரூபாய் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார். ஆனால், அந்த நேரத்தில் வாங்குவோர் வரிசை இப்படி இருக்கிறது: 99.80 ரூபாய்க்கு 100 பங்குகள், 99.50-க்கு 50, அதற்கடுத்து 98 ரூபாய்க்கு 200.

‘கிடைக்கிற விலைக்கு விற்றுவிடு’ என்று அவர் சொன்னால், அது மார்க்கெட் ஆர்டர். முதல் 100 பங்குகள் 99.80-க்கும், அடுத்த 50 பங்குகள் 99.50-க்கும், மீதி 150 பங்குகள் 98 ரூபாய்க்கும் போகும். மொத்தம் 29,655 ரூபாய். கணக்கில் 345 ரூபாய் குறைகிறது. புரோக்கர் கட்டணமும் வரியும் தனி. இதில் யாரும் ஏமாற்றவில்லை. மேலே நின்ற வாங்குவோர் தீர்ந்துபோனதால், ஆர்டர் அடுத்தடுத்த விலைக்கு இறங்கியது, அவ்வளவுதான்.

‘99.50-க்குக் கீழே வேண்டாம்’ என்று விலை குறித்துக் கொடுத்தால், அது லிமிட் ஆர்டர். அப்போது 150 பங்குகள் மட்டும் விற்கும். மீதி 150 பங்குகள் 99.50 விலையில் விற்போர் வரிசையில் காத்திருக்கும். அன்றைக்கு மட்டும் என்று போட்ட ஆர்டராக இருந்தால், மாலை 3.30-க்குள் ஆள் வராதபோது ரத்தாகிவிடும். விலையைக் காப்பாற்றலாம், ஆனால், அன்றே விற்றுத் தீரும் என்று சொல்ல முடியாது.

விற்கும் முன், புரோக்கரின் செயலியில் அந்தப் பங்கின் மேல் ஐந்து விலைகளையும் அவற்றுக்கான எண்ணிக்கையையும் பார்க்கலாம். வாங்குவோரின் முதல் விலைக்கும் விற்போரின் முதல் விலைக்கும் இடைவெளி அதிகமாக இருந்தாலோ, எண்ணிக்கை குறைவாக இருந்தாலோ, அந்தப் பங்குக்கு அப்போது வாங்க ஆள் குறைவு என்று அர்த்தம். அந்த நேரத்தில் விலை குறித்துக் கொடுப்பதே நல்லது.