ஒரு நாளின் ஆறு காலம், ஒரு வருடத்தின் ஆறு காலம்

சிதம்பரம் நடராஜர் கோயிலில் தினமும் ஆறு கால பூஜை நடக்கிறது. ஆறு காலமும் அபிஷேகம் உண்டு. ஆனால் அந்த அபிஷேகம் ஆடும் நடராஜருக்கு அல்ல. சிற்சபையில் இருக்கும் அவரது செப்புத்திருமேனிக்கு வருடத்திலேயே ஆறு முறைதான் திருமஞ்சனம். அன்றாட அபிஷேகத்தை ஏற்பவர் கைக்கு அடக்கமான ஒரு ஸ்படிக லிங்கம்.

பூஜை வேளையில் தீட்சிதர்கள் அந்த லிங்கத்தைப் பேழையிலிருந்து எடுத்து, சிற்சபைக்கு முன்னுள்ள கனகசபையில் எழுந்தருளச் செய்கிறார்கள். பால் விழும்போது லிங்கம் வெண்மையாகிறது. சந்தனத்தில் மஞ்சளாகிறது. அடுத்து ஒரு சொம்பு தண்ணீர் விட்டதும் எல்லாம் வழிந்தோடி மறுபடி தெளிந்துவிடுகிறது. ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ். இரும்புக் கத்தியால்கூட அதில் கீறல் விழாது. தயிரின் புளிப்பு அதை அரிக்காது. செம்பு கலந்த உலோகமோ புளிப்புப் பட்டால் மெல்ல மெல்ல மாறும். தினம் ஆறு முறை நனைய வேண்டிய திருமேனிக்கு ஸ்படிகம் மிகப் பொருத்தமான கல்.

ஆறு காலங்களில் மூன்று காலை முதல் நண்பகல் வரை: காலசந்தி, இரண்டாம் காலம், உச்சிக்காலம். மாலையில் சாயரட்சை, இரவில் மறுபடி ஓர் இரண்டாம் காலம், கடைசியாக அர்த்தஜாமம். ஆறிலும் அபிஷேகத்தைத் தொடர்ந்து சிற்சபையில் திரை விலகித் தீபாராதனை நடக்கும். ஆனால் சில காலங்களில் மட்டுமே காணக் கிடைப்பவையும் உண்டு. மற்ற சிவன் கோயில்களில் ஐப்பசிப் பௌர்ணமியன்று விசேஷமாக நடக்கும் அன்னாபிஷேகம், இங்கே ஸ்படிக லிங்கத்துக்குத் தினமும் நண்பகலை ஒட்டி நடக்கிறது.

காலையில் வரும் இரண்டாம் காலத்தில்தான் ரத்தினசபாபதி வெளியே வருகிறார். மாணிக்கத்தில் அமைந்த சிறிய நடராஜர் அவர். அபிஷேகம் முடிந்ததும் முன்புறம் கற்பூரம் காட்டுவார்கள். அப்போது கருஞ்சிவப்பான ஒரு கல் உருவம் தெரியும். பிறகு கற்பூரத் தட்டைத் திருமேனிக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். அந்தக் கணத்தில் உருவம் முழுவதும் உள்ளிருந்து கனல்போல் சிவக்கும். உலோகச் சிலையின் பின்னால் விளக்கைப் பிடித்தால் கறுத்த நிழலுருதான் தெரியும். இங்கே ஒளி கல்லை ஊடுருவி வருகிறது. மாணிக்கத்தில் அலுமினிய ஆக்சைடோடு மிகச் சிறிதளவு குரோமியம் கலந்திருக்கும். அது பச்சை, ஊதா நிறங்களை விழுங்கிக்கொண்டு சிவப்பை வெளியே விடும். கற்பூரச் சுடரில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி என்பதால் நிறம் இன்னும் கூடுகிறது. இதைப் பார்க்க நேர் எதிரே நிற்க வேண்டும். பக்கவாட்டில் நிற்பவருக்குச் சுடர் தெரியும், கல்லின் சிவப்பு முழுதாகத் தெரியாது.

அர்த்தஜாமத்தில் சுவாமியின் பாதுகைகள் பல்லக்கில் ஏறிப் பள்ளியறைக்குப் போகின்றன. மறுநாள் காலை அதே பல்லக்கில் சிற்சபைக்குத் திரும்பிய பிறகே அன்றைய பூஜைகள் தொடங்கும். எல்லாத் தலங்களின் இறைசக்தியும் இரவில் இங்கே வந்து ஒடுங்குகிறது என்பது நம்பிக்கை. அதனால் உள்ளூர் பக்தர்கள் அர்த்தஜாம தரிசனத்தைத் தவறவிட விரும்புவதில்லை.

சரி, நடராஜருக்கு ஏன் ஆறே திருமஞ்சனம்? மனிதருக்கு ஒரு வருடம் தேவர்களுக்கு ஒரு நாள் என்பது மரபு. தை முதல் ஆனி வரை அவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு. பன்னிரண்டு மாதம் இருபத்துநான்கு மணி நேரம் என்றால் ஒரு மாதத்துக்கு இரண்டு மணி. தை பிறப்பதைக் காலை 6 மணியாக வைத்து எண்ணிப் பாருங்கள்.

மார்கழி விடியலுக்கு முந்தைய 4 முதல் 6 மணி. பல கோயில்களில் உஷத்கால பூஜை நடக்கும் நேரம். மாசி 8 முதல் 10, காலசந்தி. சித்திரை 12 மணிக்குத் தொடங்குகிறது, உச்சிக்காலம். ஆனி மாலை 4 முதல் 6, சாயரட்சை. ஆவணி இரவு 8 முதல் 10, இரண்டாம் காலம். புரட்டாசி 10 முதல் 12, அர்த்தஜாமம். நடராஜருக்குத் திருமஞ்சனம் நடப்பது சரியாக இந்த ஆறு மாதங்களில்தான். மார்கழித் திருவாதிரை, சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம் மூன்றும் நட்சத்திரத்தைக் கொண்டு வருபவை. மாசி, ஆவணி, புரட்டாசியில் வருபவை வளர்பிறைச் சதுர்த்தசி நாட்கள்.

ஆக, ஸ்படிக லிங்கம் நம் நாளின் கணக்கில் ஆறு காலமும் நனைகிறது. நடராஜர் தேவர்களின் நாளின் கணக்கில் நனைகிறார். மார்கழியிலும் ஆனியிலும் அவர் ஆயிரங்கால் மண்டபத்துக்கு எழுந்தருளி, விடியுமுன் தொடங்கும் அபிஷேகத்தை ஏற்கிறார். மார்கழியில் இரண்டு கணக்குக்கும் அது அதிகாலை. ஆனித் திருமஞ்சனத்திலோ, கூடியிருக்கும் நமக்கு இன்னும் பொழுது புலரவில்லை. அவருக்கு நடப்பது சாயரட்சை.