மூணு அம்பு, மூணு செங்கோணம்: பழனியில மாட்டாத பிழை கொடைக்கானல்ல மாட்டின கதை

இந்த எபிசோட்ல கிராம்-ஷ்மிட் முறையைப் பத்திப் பேசப் போறேன். ஒண்ணுக்கொண்ணு சாய்ஞ்சு நிக்கிற சில வெக்டர்களை எடுத்து, ஒவ்வொண்ணா நிமிர்த்தி, எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா ஆக்குற வழி. இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க. நானும் படிச்சேன், பாஸும் ஆனேன். ஆனா அது எனக்குப் புரிஞ்சது பழனி அடிவாரத்துலதான்.

நடந்தது இதுதான். ஒரு சின்ன ஆப் எழுதிட்டு இருந்தேன். போன் கேமராவை மலைப் பக்கம் காட்டினா, திரையில அந்தந்தச் சிகரத்து மேல அதோட பேரு வரணும். அடிவாரத்துல நின்னு தெற்கே கொடைக்கானல் மலைத்தொடரைக் காட்டினேன். பேரெல்லாம் வந்துச்சு, ஆனா மலை மேல இல்ல, மலைக்கு மேல ஆகாசத்துல. கையை நீட்டிப் பிடிச்சுப் பார்த்தா ஏறக்குறைய மூணு விரல் அகலம் மேல. கோணத்துல சொன்னா நாலரை டிகிரி.

சோம்பேறி ப்ரோக்ராமர் என்ன செய்வான்? எல்லாப் பேரையும் 4.4 டிகிரி கீழே இறக்குன்னு ஒரு வரி சேர்த்தேன். அச்சு மாதிரி உட்கார்ந்துச்சு.

மறுநாள் நண்பனோட மேல கொடைக்கானலுக்குப் போனேன். அங்க குறிஞ்சி ஆண்டவர் கோவில்ல இருந்து வடக்கே பார்த்தா, பனி இல்லாத நேரத்துல கீழே பழனி மலை தெரியும். நண்பன் போனைக் காட்டிட்டு, "மச்சி, உன் ஆப்புல பழனி பாதாளத்துக்குப் போயிடுச்சுடா"ன்னான். இப்போ பேரு ஒன்பது டிகிரி கீழே! என் திருத்தம் தப்பைச் சரி பண்ணல, ரெட்டிப்பாக்கிடுச்சு.

ஏன்னு புரியணும்னா, போனுக்கு எப்படித் திசை தெரியுதுன்னு முதல்ல பார்க்கணும்.

போன் கையில இருக்குற ரெண்டு அம்பு

போனுக்குள்ள ஒரு ஆக்சிலரோமீட்டர் இருக்கு. போனை ஆட்டாம பிடிச்சா, அது 'மேல்' எந்தப் பக்கம்னு ஒரு வெக்டரா சொல்லும். இன்னொண்ணு மேக்னட்டோமீட்டர். அது பூமியோட காந்தப்புலம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு சொல்லும். ரெண்டுமே போனோட சொந்த அச்சுகள்ல வரும்: x வலப்பக்கம், y மேல் விளிம்பு, z திரையில இருந்து நம்ம முகத்தை நோக்கி.

ஆப்புக்கு வேண்டியது வேற: மேல், வடக்கு, கிழக்கு. இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா இருக்கணும். சிக்கல் என்னன்னா, காந்தப்புலம் 'வடக்கு' கிடையாது. அது வடக்கே போகும்போதே பூமிக்குள்ள குனிஞ்சும் போகும். காந்த நடுக்கோட்டுல குனிவே இல்ல. காந்தத் துருவத்துல நேரா செங்குத்தா இறங்கும். கொடைக்கானல் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கறதால, இங்க குனிவு சில டிகிரிதான். டெல்லியில அது கிட்டத்தட்ட 45 டிகிரி. அதனால காந்த நடுக்கோட்டைத் தவிர வேற எங்கயும் மேல் அம்பும் காந்த அம்பும் சரியா 90 டிகிரியில நிக்காது. அதை 90 ஆக்குறதுதான் கிராம்-ஷ்மிட் வேலை.

நிழலைக் கழி

முழு முறையும் ஒரே யோசனைதான். முதல் அம்பை அப்படியே வெச்சுக்கோ. ரெண்டாவது அம்போட நிழல் முதல் அம்பு மேல எவ்வளவு விழுதுன்னு கணக்குப் போடு. அந்த நிழலை ரெண்டாவதுல இருந்து கழி. மிஞ்சுறது முதல் அம்புக்குச் செங்குத்து. மூணாவது அம்புல இருந்து முதல் ரெண்டோட நிழலையும் கழி. அவ்வளவுதான்.

மனக்கணக்குக்கு வசதியா எண்களை எடுத்துக்கறேன். போனைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கோம், 'மேல்' திசை (1, 2, 2). நிஜமான ரீடிங் இதைப் போல 3.27 மடங்கு இருக்கும், ஆனா நமக்குத் திசை மட்டும் போதும். காந்த அம்பு (25, 11, −28) மைக்ரோடெஸ்லா. இதோட நீளம் 39.1. கொடைக்கானல் பக்கத்துல எதிர்பார்க்கக்கூடிய அளவுதான்.

ரெண்டையும் டாட் ப்ராடக்ட் எடுங்க: 25 + 22 − 56 = −9. பூஜ்யம் வரல, அதனால செங்குத்து இல்ல. மைனஸ் வந்ததுக்கு அர்த்தம், காந்த அம்பு 'மேல்'க்கு எதிர்ப்பக்கம், அதாவது கீழ்நோக்கிக் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு. அதுதான் குனிவு.

'மேல்' அம்பைத் தன்னோடயே டாட் எடுத்தா 1 + 4 + 4 = 9. −9-ஐ 9-ஆல வகுத்தா −1. ஆக நிழல், (1, 2, 2)-ஐ −1-ஆல பெருக்கினது. அதைக் கழிச்சா:

(25, 11, −28) + (1, 2, 2) = (26, 13, −26)

சரிபார்ப்போம்: 26 + 26 − 52 = 0. செங்குத்து. இதுதான் தரைக்கு இணையான வடக்கு. 13-ஐப் பொதுவா வெளியே எடுத்தா (2, 1, −2). நீளம் 39. கழிச்ச நிழலோட நீளம் 3. மூணுக்கு முப்பத்தொன்பதுன்னா 4.4 டிகிரி. இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மூணாவது அம்பா போனோட வலது விளிம்பை எடுப்போம். பின்னம் வராம இருக்க நீளத்தை 9-னு வெச்சு (9, 0, 0). முதல்ல 'மேல்' நிழல்: டாட் 9, வகுத்தல் 9, விடை 1. கழிச்சா (8, −2, −2). அடுத்து 'வடக்கு' நிழல்: (2, 1, −2)-வோட டாட் 16 − 2 + 4 = 18, வகுத்தல் 9, விடை 2. (4, 2, −4)-ஐக் கழிச்சா (4, −4, 2). 'மேல்'வோட டாட் 4 − 8 + 4 = 0. 'வடக்கு'வோட 8 − 4 − 4 = 0. கிழக்கு கிடைச்சாச்சு. ஒவ்வொண்ணையும் அதோட நீளத்தால வகுத்தா நீளம் 1 ஆயிடும்.

பைத்தான்ல நம்பை வெச்சு எழுதினா:

```python
def remove(v, q):
    return v - (v @ q) / (q @ q) * q

up    = accel
north = remove(mag, up)
east  = remove(remove(edge, up), north)
```

இதுல ஒரு எச்சரிக்கை. வலது விளிம்பு மேற்குப் பக்கம் பார்த்துட்டு இருந்தா, மிஞ்சுற அம்பும் மேற்கைத்தான் காட்டும். செங்குத்தா இருக்கும், ஆனா திசை தலைகீழ். அதனால ஆண்ட்ராய்டோட `getRotationMatrix` இந்த மூணாவது அம்பைக் கேட்கறதே இல்ல. காந்தத்தையும் மேலையும் குறுக்குப் பெருக்கல் பண்ணி நேரா கிழக்கை எடுத்துக்கும். ரெண்டு அம்பு போதும்.

அப்போ என் பிழை எங்க?

என் கோடுல ஃபங்ஷன் சரி. வரிசைதான் தப்பு. நான் காந்த அம்பை முதல்ல வெச்சு, 'மேல்' அம்புல இருந்து அதோட நிழலைக் கழிச்சிருந்தேன். அதே எண்களைப் போட்டா 'மேல்' (1, 2, 2)-ல இருந்து (1.15, 2.06, 1.84)-க்கு நகருது. எவ்வளவு கோணம்? அதே 4.4 டிகிரி.

கிராம்-ஷ்மிட்ல முதல் அம்பு மட்டும் கை படாம தப்பிக்கும். மத்தது எல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி வளையும். காந்தத்தை முதல்ல வெச்சப்போ, தரையே வடக்குப் பக்கம் 4.4 டிகிரி இறங்கி, தெற்குப் பக்கம் 4.4 டிகிரி ஏறியிருக்குன்னு ஆப் நினைச்சுக்கிச்சு. அதான் பழனியில இருந்து தெற்கே பார்த்தா பேரு ஆகாசத்துல. கொடைக்கானல்ல இருந்து வடக்கே பார்த்தா பேரு கீழே, அதோட என் 4.4 திருத்தமும் சேர்ந்து 8.8. கிழக்கே பார்த்திருந்தா படம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும், நடுவுல இருக்குற பேரு நகர்ந்தே இருக்காது. ஒரே பிழைக்கு இடத்தைப் பொறுத்து மூணு முகம்.

இன்னொரு விஷயம் என்னை ரொம்பவே உறுத்துச்சு. நான் டெஸ்ட் எழுதியிருந்தேன்! மூணு அம்பையும் ஜோடி ஜோடியா டாட் எடுத்து, பூஜ்யம் வருதான்னு பார்க்குற டெஸ்ட். எல்லாம் பாஸ். எந்த வரிசையில போட்டாலும் வெளிய வர்றது செங்குத்தாத்தான் இருக்கும், அதனால அந்த டெஸ்ட்டுக்கு வரிசைப் பிழை தெரியவே தெரியாது. அதைப் பிடிக்க வேற டெஸ்ட் வேணும்: போனை மேசையில மல்லாக்க வெச்சு, எந்தப் பக்கம் திருப்பினாலும் 'மேல்' (0, 0, 1)-ஆவே வருதான்னு பார்க்கணும். இங்க 4.4 டிகிரி தப்பு, சென்சார் சரியில்லன்னு நினைக்க வைக்கும். டெல்லியில அதே கோடு 45 டிகிரி சாய்ஞ்சிருக்கும், முதல் நிமிஷமே மாட்டியிருப்பேன்.

எந்த அம்பு முதல்ல வரணும்? எதை அதிகம் நம்புறோமோ, எது நமக்கு நிஜமாவே வேணுமோ அது. 'மேல்' எங்கன்னு புவியீர்ப்பு நேரடியா சொல்லிடுது. காந்தமோ பைக், இரும்புக் கதவு பக்கத்துல போனாலே திசை மாறும். அதுவும் வடக்கைத் தனியா சொல்றதில்ல, வடக்கையும் கீழையும் கலந்து சொல்லுது. அதனால புவியீர்ப்பு முதல்ல.

மிஞ்சுறது ரொம்பச் சின்னதா இருந்தா

வரிசை சரியா இருந்தாலும் இந்த முறை கைவிடுற இடம் ஒண்ணு இருக்கு. நம்ம கணக்குல 39.1 நீள அம்புல கழிச்ச பிறகும் 39 மிஞ்சுச்சு. காந்தத் துருவத்துப் பக்கம் போனா புலம் கிட்டத்தட்ட நேரா கீழே இறங்கும். 'மேல்' நிழலைக் கழிச்சா ஒண்ணோ ரெண்டோ மைக்ரோடெஸ்லாதான் மிஞ்சும். சென்சாரோட தடுமாற்றமே அந்த அளவு இருந்தா, மிஞ்சினது வடக்கு இல்ல, வெறும் சத்தம். அதை நீளத்தால வகுத்து 1 ஆக்கிட்டா, அழகான நம்பகமான அம்பு மாதிரி வேஷம் போடும். அதனால நீளத்தால வகுக்குறதுக்கு முன்னாடி நீளத்தைப் பார்க்கணும். ஆண்ட்ராய்டு ஃபங்ஷனும் அதைத்தான் செய்யுது: பெருக்கி வந்த அம்பு 0.1-க்குக் கீழே போனா, விடை சொல்லாம `false` திருப்பிடும். நம்ம கொடைக்கானல் எண்களுக்கு அது 380-க்கு மேல வரும்.

நான் அந்த 4.4 வரியை அழிச்சுட்டு, ரெண்டு அம்போட வரிசையை மாத்தினேன். அடுத்த தடவை குறிஞ்சி ஆண்டவர் கோவில் வாசல்ல நின்னு போனை வடக்கே காட்டினப்போ, பழனின்ற பேரு பழனி மேலயே நின்னுச்சு. திரும்பி வரும்போது அடிவாரத்துல இருந்து தெற்கேயும் பார்த்தேன். அங்கயும் சரி. ரெண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் கோடை கமிட் பண்ணேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.